லயத்துக்கு வெட்டுவது எப்படி: ஒரு ஓட்டக்காரி, மூன்று பதிப்பு

எங்கள் பக்கம் லயம் என்றால் வீடு. வரிசையாகக் கட்டிய காம்பிராக்கள். பாட்டு வாத்தியாரிடம் போனால் லயம் என்பது தாளம். ஹட்டனில் உட்கார்ந்து குறும்படம் எடிட் செய்கிற எனக்கு, போன வருஷம் இரண்டு லயமும் ஒரே டைம்லைனில் வந்து சேர்ந்தன.

லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை மாகாண மட்ட 1500 மீற்றர் ஓட்டத்துக்குத் தயாராவதுதான் கதை. ஏப்ரலில் வெறுங்காலோடு ஓடத் தொடங்குகிறாள், ஓகஸ்டில் யாரோ கொடுத்த சப்பாத்தோடு போட்டிக்குப் போகிறாள். இந்த நாலு மாதத்தையும் படத்தில் 48 விநாடிக்குள் காட்ட வேண்டும். அதற்குத் தப்பு மேளம் முக்கியமாக வரும் ஓர் இசைத்துண்டு தயாராக இருந்தது. இயக்குநர் தம்பி கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, பீட்டுக்கு பீட் கட் பண்ணித் தாங்க."

செய்து கொடுத்தேன். கூடவே, அவருக்குச் சொல்லாமல் வேறு இரண்டு பதிப்பும் செய்து வைத்தேன். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களிடமும் இப்படி ஒரு பயிற்சிக் காட்சியோ பயணக் காட்சியோ இருந்தால், எந்த வழியில் போவது என்று முடிவெடுக்க உதவலாம்.

முதலில் கணக்கு. நான் வேலை செய்தது விநாடிக்கு 25 பிரேமில். இசையின் வேகம் நிமிடத்துக்கு 100 தாள அடி. விநாடிக் கணக்கில் ஓர் அடிக்கு 0.6. பிரேம் கணக்கில் சரியாக 15. நாலு அடி ஒரு வட்டம் என்றால் ஒரு வட்டத்துக்கு 60 பிரேம், அதாவது 2.4 விநாடி. 48 விநாடியில் 20 வட்டம், 80 அடி. இந்த எண்கள் இவ்வளவு சுத்தமாக வந்தது தற்செயல் இல்லை. இசையமைத்தவர் முதலில் அனுப்பியது 96 அடி வேகத்தில் இருந்தது. அதில் ஓர் அடிக்கு 15.625 பிரேம். பிரேமைப் பாதியாக வெட்ட முடியாதே! ஒவ்வொரு ஷாட்டையும் 16 பிரேமாக வெட்டிக்கொண்டு போனால், 16 அடி தாண்டும்போது படம் இசையை விட 6 பிரேம் பின்தங்கி நிற்கும். கால் விநாடி. அது யார் கண்ணுக்கும் தெரியும். அதனால்தான் கேட்டு 100க்கு மாற்றி வாங்கினேன். மாற்ற வழியில்லாத இசை என்றால், ஷாட்டின் நீளத்தை எண்ணி வெட்டக் கூடாது. ஒவ்வொரு வெட்டையும் அந்தந்த அடியின் இடத்தில் தனித்தனியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அப்போது பிழை அரைப் பிரேமுக்கு மேல் போகாது, சேர்ந்து வளரவும் வளராது.

இனி முதல் பதிப்பு: ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு. 80 அடிக்கு 80 ஷாட் வேண்டும். என்னிடம் உருப்படியாக இருந்தவை 31. ஆகவே ஒரே ஷாட்டைத் துண்டு துண்டாக்கி மூன்று நாலு இடத்தில் போட வேண்டியதாயிற்று. முதல் பத்து விநாடி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கலியாண வீடியோ முன்னோட்டம் செய்து பழகிய கைக்கு இந்த வேலை தூக்கத்திலும் வரும். ஆனால் இருபதாவது விநாடியில் ஒரு சலிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வெட்டு எப்போது வரும் என்று பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு கண் படத்தைப் பார்ப்பதில்லை, எண்ணத் தொடங்குகிறது.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. 0.6 விநாடியில் ஒரு முகத்தை அடையாளம் காணலாம், ஓடுகிறாள் என்று புரிந்துகொள்ளலாம். போன ஷாட்டில் வெறுங்கால், இந்த ஷாட்டில் சப்பாத்து என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த நேரம் போதாது. காலம் கடந்தது என்று நமக்குத் தோன்றுவதே அந்த ஒப்பீட்டில்தான். படத்தைப் பற்றி எதுவும் தெரியாத நாலு பேரிடம் இந்தப் பதிப்பைப் போட்டுக் காட்டி, "இந்தப் பிள்ளை எத்தனை நாள் ஓடியிருப்பாள்?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர் ஒரு நாள் என்றார். இரண்டு பேர் ஒரு வாரம் என்றார்கள். நாலாவது ஆள், கடையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தரும் மாமா, "நல்லா ஓடுது புள்ள" என்றதோடு நிறுத்திக்கொண்டார். நாலு மாத உழைப்பு ஒரு வாரமாகச் சுருங்கிப் போனது.

இரண்டாவது பதிப்பில் அடியை விட்டுவிட்டு வட்டத்தைப் பிடித்தேன். முதல் 8 வட்டத்துக்கு 4 ஷாட், ஒவ்வொன்றும் இரண்டு வட்ட நீளம், 4.8 விநாடி. அடுத்த 8 வட்டத்துக்கு 8 ஷாட், ஒவ்வொன்றும் ஒரு வட்டம். அதற்கடுத்த 2 வட்டத்தில் அரை வட்டத்துக்கு ஒன்றாக 4 ஷாட். கடைசி 2 வட்டம் முழுவதும் ஒரே ஷாட். மொத்தம் 17. எண்பது எங்கே, பதினேழு எங்கே! ஆனாலும் இதைப் பார்த்தவர்கள் இதுதான் வேகமாக இருக்கிறது என்றார்கள். காரணம் எளிது. 4.8 விநாடியிலிருந்து 2.4, அதிலிருந்து 1.2 என்று பாதி பாதியாகக் குறையும்போதுதான் வேகம் கூடுவது தெரியும். முதல் பதிப்பு தொடங்கியதிலிருந்தே 0.6 விநாடியில் ஓடியது, அதற்கு மேல் கூட்ட இடமே இருக்கவில்லை.

இந்தப் பதிப்பில் நான் அதிக நேரம் செலவழித்தது எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் இல்லை, எந்த இடத்தில் மாதம் மாறுவது என்பதில். அவள் தினமும் ஓடுகிற பாதையில், ஒரு மாடசாமி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவை ஒரே இடத்தில் கேமராவை வைத்து மூன்று முறை எடுத்திருந்தோம். ஏப்ரலில் ரோட்டோரத்து மலையைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். தேயிலைச் செடி இலையே இல்லாமல் முழங்கால் உயரக் குச்சியாக நின்றது. ஜூனில் அதே இடத்தில் மழையும் மூடுபனியும், குச்சிகளில் அங்கங்கே துளிர். ஓகஸ்டில் மலை முழுக்கப் பச்சை. இந்த மூன்று ஷாட்டையும் 1ஆம், 9ஆம், 17ஆம் வட்டத்தின் முதல் அடியில் வைத்தேன். இசையிலும் 9ஆம் வட்டத்தில்தான் இரண்டாவது தப்பு வந்து சேர்கிறது, 17இல் தாளம் இறுகுகிறது. இரண்டு மாதத் தாவலுக்கு இடையில் வரும் ஷாட்டுகளில் வெயிலும் மழையும் கலக்காதபடி பார்த்துக்கொண்டேன். அடி மாறும்போது ஷாட் மாறுகிறது, இசையின் பகுதி மாறும்போது மாதம் மாறுகிறது. இரண்டு வேலையையும் ஒரே தாளத்தட்டின் தலையில் கட்டியதுதான் முதல் பதிப்பு தோற்ற இடம்.

கேட்ட நாலு பேருக்கும் இதைப் போட்டபோது, தேத்தண்ணிக் கடை மாமா மூன்று மாதம், நாலு மாதம் இருக்கும் என்றார். எப்படி மாமா என்றேன். "கவ்வாத்து மலையில கொழுந்து வந்திருச்சே, அதுக்கு அவ்வளவு நாள் ஆகாதா?" மலையகத்தில் படம் எடுப்பவர்களுக்கு இப்படி ஒரு கடிகாரம் ஓசியில் கிடைக்கிறது. கொழும்பில் இருந்து வந்து எடுப்பவர்கள் அதே மலையை வெறும் பச்சைப் பின்னணியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு ஷாட்டைக் கிட்டத்தில் காட்டுகிறேன். சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டு எழுந்து ஓடத் தொடங்கும் ஷாட். 120 பிரேம், இரண்டு வட்டம். வெட்டு அந்த ஷாட்டின் முதல் வட்டத்தின் முதல் அடியில் வருகிறது. ஆனால் சரியாக அடியின் மேலே இல்லை, அதற்கு 2 பிரேம் முன்னால். அடியின் மேலேயே வெட்டினால் வெட்டு பிந்தி வந்தது போல இருக்கும். ஒலி காதில் பட்டவுடன் பிடிபட்டுவிடும், புதுப் படத்தைக் கண் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் கூடுதலாக வேண்டும். 2 பிரேம் என்பது 80 மில்லி விநாடி, அந்த இடைவெளிக்குப் போதும். அப்புறம், அந்தப் பிள்ளையின் கால் முதன்முதலாகத் தரையில் விழுவதை இரண்டாவது வட்டத்தின் முதல் அடியில் வைத்தேன். அங்கே வெட்டு இல்லை. கால் விழுகிறது, தப்பு அடிக்கிறது, அவ்வளவுதான். முழு மொண்டாஜிலும் ஆட்கள் பேசியது இந்த இடத்தைப் பற்றித்தான். வெட்டு தாளத்தோடு வந்தால் எடிட்டரின் கை தெரியும். செயல் தாளத்தோடு வந்தால் அவளே தாளம் போடுவது போல இருக்கும்.

ஆனால் எல்லாக் காலடியையும் தாளத்தோடு பொருத்த முயன்றால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன். அவள் ஓடும்போது நிமிடத்துக்கு 176 காலடி வைக்கிறாள், எண்ணிப் பார்த்தேன். இசையோ 100. ஓர் அடிக்கு இரண்டு காலடி என்று வைத்தால்கூட 200 வேண்டும். ஷாட்டை 114 வீத வேகத்தில் ஓட்டினால் பொருந்தும். காலை மட்டும் காட்டும் குளோசப் இரண்டில் அப்படிச் செய்தேன், யாருக்கும் தெரியவில்லை. முழு உருவம் தெரியும் ஷாட்டில் செய்தபோது பின்னல் துள்ளுவதும் மழைத்துளி விழுவதும் காட்டிக் கொடுத்துவிட்டன, பழைய மௌனப் படம் மாதிரி ஆகிவிட்டது. மற்ற ஷாட்டுகளில் முதல் காலடியை மட்டும் பொருத்திவிட்டு மிச்சத்தை அதன் போக்கில் விட்டேன். முதலாவது பொருந்தினால் மிச்சமும் பொருந்துவதாக மனசு எடுத்துக்கொள்கிறது, இரண்டு மூன்று விநாடிக்கு. அதற்கு மேல் நீளும் ஷாட்டில் கால் தெரியாமல் இடுப்புக்கு மேலே காட்டுவது நல்லது.

மூன்றாவது வழியில் இசையையே போடாமல் படத்தை மட்டும் வெட்டினேன். ஓர் ஓட்டம் எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே முடிப்பது, ஒரு பார்வை திரும்பும் இடத்தில் வெட்டுவது என்று 22 ஷாட். பிறகு இசையைப் படத்துக்குக் கீழே வைத்து, மூன்று நாலு இடத்தை மட்டும் நகர்த்திப் பொருத்தினேன். கேள்விக்குப் பதில் சரியாகவே வந்தது: இரண்டு மூன்று மாதம். ஆனால் ஒருவர், "ஏன் அவளுக்கு ஏதாவது நடக்கப் போகுதா?" என்று கேட்டார். வெட்டுகள் தாளத்தோடு சேராமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும்போது ஒரு பாரம் வந்துவிடுகிறது. போட்டிக்குப் போகிற பிள்ளையின் கதையில் அந்தப் பாரம் வேண்டாம். ஆகவே இந்தப் படத்துக்கு இரண்டாவது பதிப்பு என்று முடிவானது. தம்பி கொஞ்சம் முகத்தைச் சுளித்தார், பிறகு 9ஆம் வட்டத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இதே மூன்றாவது வழிதான் ஒரே வழி என்று நான் நினைத்த வேலை ஒன்றும் உண்டு. 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஆட்கள் நடந்து வந்தார்கள். அந்த நடையில் போன ஒருவர் போனில் எடுத்த காட்சிகளை என்னிடம் கொண்டுவந்தார். ஒன்றேகால் நிமிடத்தில் முழு வழியும் தெரிய வேண்டும் என்றார். முதலில் பழக்கதோஷத்தில் தப்புக்கு வெட்டினேன். பார்க்கச் சுற்றுலா விளம்பரம் மாதிரி இருந்தது. அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்த தாத்தன் பூட்டன்மாரை நினைத்து நடந்தவர்களின் கால்கள் துள்ளலாகத் தெரிந்தால் எப்படி இருக்கும்? அழித்துவிட்டேன்.

பயணத்துக்கும் பயிற்சிக்கும் இதுதான் வித்தியாசம் என்று அப்போதுதான் பிடிபட்டது. பயிற்சியில் அதே செயல் திரும்பத் திரும்ப வருகிறது, ஆள் மாறுகிறார். தாளமும் திரும்பத் திரும்ப வருவதுதானே, அதனால் ஒட்டிக்கொள்கிறது. பயணத்தில் செயல் அப்படியே இருக்க, சுற்றியுள்ள நிலம் மாறுகிறது: மன்னாரின் பனையும் உப்புக்காற்றும், மதவாச்சிப் பக்கத்து வறண்ட காடு, தம்புள்ளையின் பாறை, அப்புறம் மெல்ல மெல்ல எழும்பும் மலை. நிலத்தைப் பார்க்க நேரம் வேண்டும். 75 விநாடிக்கு 12 ஷாட் மட்டும் வைத்தேன். ஒரு ஷாட்டின் காலடிச் சத்தத்தை அடுத்த ஷாட்டுக்குள்ளும் இரண்டு விநாடி இழுத்துவிட்டேன். படம் மதவாச்சிக்கு வந்துவிட்டது, காதில் இன்னும் மன்னார் மணல். அந்த இழுவையே தூரத்தைச் சொல்லிவிடுகிறது. இசைக்கு ஒரு வயதான அம்மா தாளமில்லாமல் பாடிய தோட்டப் பாட்டு. அதில் பொருத்தியது இரண்டே இடம்: குரல் தொடங்கும் இடமும், இரண்டு வரிக்கு நடுவில் அவர் மூச்செடுக்கும் இடமும். அந்த மூச்சில்தான் மலை முதன்முதலாகத் தெரிகிறது.

பயணம் என்றாலே இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயிலில் வரும் ஒரு பையனின் கலகலப்பான கதை என்றால், தண்டவாளச் சத்தமே தாளம், இரண்டாவது வழி அழகாகப் பொருந்தும். யார் எதற்காகப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மறக்கும் முன் ஒரு தொழில் விஷயம். எந்த வழியில் போனாலும் அடிகளை டைம்லைனில் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இசையை ஓடவிட்டு, அடி கேட்கும்போதெல்லாம் M விசையைத் தட்டினால் மார்க்கர் விழும். நான் முதல் நாள் அப்படித் தட்டி, எல்லா வெட்டையும் மார்க்கரில் ஒட்டி, போட்டுப் பார்த்தால் ஏதோ சரியில்லை. எது என்று சொல்ல முடியவில்லை, ஆனால் எல்லாமே சோம்பலாக இருந்தது. 2 பிரேம் முன்னால் தள்ளியும் தேறவில்லை. அரை நாள் போன பிறகுதான் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மார்க்கரும் தப்பின் உச்சியிலிருந்து 5 பிரேம் தள்ளி விழுந்திருந்தது, ஒன்று விடாமல். காதில் இருந்தது புளூடூத் ஹெட்போன். ஒலி எனக்கு வந்து சேரவே தாமதம், நான் தட்டியது அந்தத் தாமதத்துக்கு. கை தவறினால் ஒரு மார்க்கர் முன்னாலும் இன்னொன்று பின்னாலும் விழும். எல்லாம் ஒரே அளவில் பிந்தியிருந்தால் சந்தேகமே வேண்டாம், கருவிதான். அன்றிலிருந்து வயர் ஹெட்போன், அதோடு தட்டுவது குத்துமதிப்புக்கு மட்டும். கடைசி இடத்தை அலையின் உச்சியைப் பார்த்துத்தான் வைப்பது.

நேரில் அடித்துப் பதிவு செய்த தப்பு என்றால் இன்னும் கவனம். ஆள் அடிப்பது இயந்திரம் மாதிரி நிற்காது, உற்சாகம் ஏற ஏற வேகம் கூடும். அங்கே 15 பிரேம், 60 பிரேம் என்ற கணக்கெல்லாம் செல்லாது, ஒவ்வொரு வட்டத்தின் தலையையும் அலையில் தேடித்தான் குறிக்க வேண்டும். சில அடிகளை நாலாக எண்ணினால் ஒட்டவே ஒட்டாது, மூன்றாக எண்ணிப் பார்த்தால் சட்டென்று விழும். அடிப்பவரையே பக்கத்தில் உட்காரவைத்துத் தலை எங்கே என்று கேட்டுவிடுவது எல்லாவற்றையும் விட விரைவு.

அந்த 80 ஷாட் பதிப்பை நான் அழிக்கவில்லை. படம் திரையிட ஒரு வாரம் இருக்கும்போது, போனில் பகிர 15 விநாடித் துண்டு ஒன்று வேண்டும் என்று தம்பி வந்து நின்றார். 15 விநாடிக்குச் சரியாக 25 அடி. அதில் மாதம் எதுவும் கடக்கத் தேவையில்லை, ஒரு பிள்ளை ஓடுகிறாள் என்று தெரிந்தால் போதும். முதல் பதிப்பைத் திறந்து திரும்ப வந்த ஷாட்டுகளை எல்லாம் தூக்கினேன். 25 அடிக்கு 25 வேறு வேறு ஷாட், ஓர் அடியும் விடாமல். போன் ஸ்பீக்கரில் தப்பின் அடிச்சத்தம் காணாமல் போய்விடுகிறது என்பதால் குச்சியின் கணீர் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டேன். "பார்த்தீங்களா அண்ணே, நான் முதல்லயே சொன்னேன்" என்றார் தம்பி.